எத்தனை டன் என்பதற்கு முன்னால், எத்தனை மணிக்கு?

"1,600 சதுர அடி ஆபீஸ் சார், எத்தனை டன் ஏசி போடணும்?" என்று போனில் கேட்பவர்களுக்கு உடனே ஒரு எண் வேண்டும். சென்னையில் அதற்குக் கைக்கணக்கு தயாராக இருக்கிறது. 150 சதுர அடிக்கு ஒரு டன். 1,600-ஐ 150-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 11 டன். கொட்டேஷனும் அன்று மாலையே போய்விடும்.

அந்தக் கணக்கில் கண்ணாடி எந்தப் பக்கம் என்ற கேள்வி இல்லை. எத்தனை பேர், எந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் இல்லை. மேலே மொட்டை மாடியா, இன்னொரு ஆபீஸா என்பதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மணிக்கு என்பது இல்லை. ஏசி கணக்கில் நான் முதலில் கேட்பது அதைத்தான். வெயில் ஒரு நேரத்தில் உச்சம் தொடும், வெளிக்காற்றின் சூடு வேறொரு நேரத்தில், ஆட்கள் இன்னொரு நேரத்தில். இவை எல்லாம் ஒன்றாக வரும் மணி எது என்று தெரிந்தால்தான் டன் தெரியும். நம் ஊரில் ஹீட் லோடு கணக்குக்கு இன்றும் பலர் பயன்படுத்தும் ஈ-20 படிவத்தில்கூட, எந்த மணிக்கான கணக்கு என்று எழுத இடம் இருக்கிறது. அதை நிரப்பாமல் விடுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

ஒரு மாதிரித் தளத்தை எடுத்துக்கொண்டு மணிக்கு மணி போட்டுப் பார்ப்போம். சென்னையில் நான்கு மாடிக் கட்டடம், அதில் இரண்டாவது மாடி. 150 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,600 சதுர அடி. மேலேயும் கீழேயும் ஏசி போட்ட ஆபீஸ்கள் என்பதால் அந்தப் பக்கங்களிலிருந்து வெப்பம் வராது என்று விட்டுவிடலாம். வடக்கிலும் தெற்கிலும் பக்கத்துக் கட்டடச் சுவர்கள், கிழக்கே மாடிப்படியும் லிஃப்ட்டும். வெயில் படுவது மேற்கு முகம் மட்டும்தான். அங்கே 27 சதுர மீட்டர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், 18 சதுர மீட்டர் 6 மி.மீ. சாதாரணக் கண்ணாடி. பிளைண்ட் இல்லை. 22 பேர், காலை 10 முதல் மாலை 7 வரை வேலை. உள்ளே 24 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம் வேண்டும்.

முதலில் வெயில். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது வெயில் முழுக்க மொட்டை மாடிக்குத்தான், நிற்கும் கண்ணாடிக்கு அதில் பங்கு மிகக் குறைவு. அந்த நேரத்தில் மேற்குக் கண்ணாடியில் விழுவது வானத்தின் சிதறல் ஒளியும் தரையிலிருந்து எதிரொளிப்பதும் மட்டும்தான், சதுர மீட்டருக்குச் சுமார் 150 வாட். அதற்குப் பிறகு வேகமாக ஏறும். ஏப்ரல் 21-க்குத் தெளிந்த வானம் என்று வைத்துப் போட்டால் 1 மணிக்கு 400, 2 மணிக்கு 620, 3 மணிக்கு 770, 4 மணிக்கு 820 வாட். 5 மணிக்குக்கூட 680 இருக்கும். 6 மணிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சென்னை வானத்தில் தூசும் ஈரமும் உண்டு, உண்மை இதைவிடக் கொஞ்சம் குறையும். மே மாதத்தில் மேற்குக் கண்ணாடியில் விழும் வெயில் ஏப்ரலைவிடச் சிறிதே குறைவு. அதனால் ஏப்ரல் வெயிலையும் மே மாதச் சூட்டையும் சேர்த்துப் போடுவது பாதுகாப்பான பக்கத்தில் நிற்கும்.

விழும் வெயில் எல்லாம் உள்ளே வராது. கண்ணாடியின் எஸ்.ஹெச்.ஜி.சி. என்ற எண், விழுந்ததில் எவ்வளவு பங்கு அறைக்குள் வெப்பமாக வரும் என்று சொல்கிறது. 6 மி.மீ. சாதாரணக் கண்ணாடிக்கு அது 0.8-ஐ ஒட்டி இருக்கும். ஆனால் அது வெயில் ஓரளவு நேராக விழும்போது உள்ள மதிப்பு. 1 மணிக்கு வெயில் கண்ணாடியை உரசிக்கொண்டு இறங்குவதால் பெரும் பகுதி வெளியே எதிரொளித்துப் போகிறது. கோணத்தையும் சேர்த்து 18 சதுர மீட்டருக்குப் போட்டால், உள்ளே வரும் வெயில் வெப்பம் 1 மணிக்கு 4.5 கிலோவாட், 2-க்கு 8.1, 3-க்கு 10.9, 4-க்கு 11.8, 5-க்கு 9.9 கிலோவாட். காலை முழுக்க இரண்டுக்கும் கீழேதான்.

இங்கேதான் நிறைய பேர் அந்த 11.8-ஐ எடுத்து அப்படியே ஏசி கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அது அறைக்குள் வந்த வெப்பம். ஏசி அந்த மணியில் வெளியேற்ற வேண்டிய வெப்பம் அது அல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால் மணிக் கணக்கு ஏன் தேவை என்பதும் புரியும்.

கண்ணாடி வழியாக வரும் வெயில் காற்றைச் சூடாக்குவதில்லை. அது தரை டைல்ஸ் மீதும், மேஜை மீதும், எதிர்ச் சுவர் மீதும் விழுகிறது. அவை சூடான பிறகுதான் அவற்றைத் தொடும் காற்று சூடாகிறது. ஏசிக்குத் தெரிவது காற்றின் சூடு மட்டும்தான். டைல்ஸுக்கு அடியில் கான்கிரீட் இருக்கிறது, அது நிறைய வெப்பத்தை உள்வாங்கி மெதுவாகத்தான் விடும். இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடியில் வெறும் காலோடு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆக 4 மணிக்கு விழுந்த வெயிலில் ஒரு பகுதி 4 மணிக்கு ஏசிக்கு வரும், ஒரு பகுதி 5-க்கு, கொஞ்சம் 6-க்கு, மிச்சம் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக வரும்.

இந்தத் தாமதத்தைக் கணக்கில் கொண்டுவரப் பல முறைகள் இருந்தன. 2001-ம் ஆண்டு ஆஷ்ரே கையேட்டில் வந்த ரேடியன்ட் டைம் சீரீஸ் முறை, சுருக்கமாக ஆர்.டி.எஸ்., ஒரு எக்செல் தாளிலேயே செய்துவிடக்கூடியது. அதனால் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு வெப்பத்தையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். நேரடியாகக் காற்றுக்குப் போகும் பங்கு அதே மணியில் சுமையாகிவிடும். கதிராகப் போகும் பங்கை 24 மணி நேரத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்த மணிக்கு எவ்வளவு என்பதைக் கட்டடத்தின் கனம் தீர்மானிக்கிறது. கையேட்டு அட்டவணைகளின் போக்கை ஒட்டி, நம் டைல்ஸ் தரை ஆபீஸுக்கு இப்படி எளிமையாக வைத்துக்கொள்வோம்:

```
Q(t) = 0.40 q(t) + 0.16 q(t-1) + 0.09 q(t-2)
     + 0.06 q(t-3) + 0.04 q(t-4) + 0.03 q(t-5)
     + 0.0122 × (மீதி 18 மணி நேர q-க்களின் கூட்டுத்தொகை)
```

q என்பது அந்த மணியில் உள்ளே வந்த வெப்பம், Q என்பது ஏசிக்கு வரும் சுமை. பிளைண்ட் இல்லாத கண்ணாடி என்பதால் வெயில் முழுவதும் கதிர்தான், எல்லாமே இந்தச் சூத்திரத்துக்குள் போகிறது. 4 மணிக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த மணியின் 11.8-ல் 40 சதவீதம், 4.7. 3 மணியின் 10.9-ல் 16 சதவீதம், 1.7. 2 மணியின் 8.1-ல் 9 சதவீதம், 0.7. பழையவற்றின் மிச்சம் எல்லாம் சேர்ந்து 0.6. மொத்தம் 7.8 கிலோவாட். வந்தது 11.8, சுமை 7.8. ஒரே படியில் 4 கிலோவாட், ஒரு டன்னுக்கும் மேலே, கணக்கிலிருந்து இறங்கிவிட்டது. அது எங்கேயும் மறையவில்லை, பிந்துகிறது. 5 மணிக்கு வரும் வெயில் குறைந்தாலும் சுமை 7.6-லேயே நிற்கும். வெயிலே இல்லாத 6 மணிக்கும் 4 கிலோவாட் இருக்கும். மேற்குப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் "சூரியன் போயாச்சு, இன்னும் ஏன் காந்துது?" என்று கேட்பது இதைத்தான்.

பிளைண்ட் போட்டால் இந்தப் பங்கீடு மாறும். வெளிர் நிற பிளைண்ட் கொஞ்சம் வெயிலை வெளியே திருப்பி அனுப்பும், மொத்தம் குறையும். ஆனால் பிளைண்டே சூடாகி அந்தச் சூட்டை நேராகக் காற்றில் விடும். குறைவாக வரும், ஆனால் தாமதமில்லாமல் வரும். அதனால் பிளைண்ட் போட்ட ஆபீஸுக்கு மேலே சொன்ன எண்களை அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

அடுத்து உள்ளே உருவாகும் வெப்பம். இதில் ஆள், விளக்கு, கம்ப்யூட்டர் என மூன்றும் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு என்ற அட்டவணை வேண்டும். அதை ஊகித்து எழுதுவதைவிட இருக்கும் ஆபீஸில் எடுத்துவிடலாம். ஆட்களுக்கு பயோமெட்ரிக் பதிவு இருக்கிறது, உள்ளே வந்த நேரமும் போன நேரமும் அதில் இருக்கும். கம்ப்யூட்டருக்கு யூ.பி.எஸ். முகப்பில் லோடு எத்தனை சதவீதம் என்று காட்டும், ஒரு வாரம் மணிக்கு ஒரு தடவை எழுதி வைக்கச் சொன்னால் போதும். 22 பேர் பட்டியலில் இருந்தாலும் 22 பேரும் ஒரே நேரத்தில் இருக்கையில் இருப்பது அரிது. விடுப்பு, வெளிவேலை, சாப்பாட்டு நேரம் என்று போகும். நம் ஆபீஸுக்கு 11 மணிக்கு 20 பேர், 1 மணிக்கு 13, 4 மணிக்கு 20, 5 மணிக்கு 19, 6 மணிக்கு 14 என்று வைக்கிறேன்.

உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் சுமார் 130 வாட் வெப்பம் விடுகிறார். அதில் 75 வாட் காற்றைச் சூடாக்குவது, 55 வாட் மூச்சிலும் வியர்வையிலும் ஈரமாகப் போவது. ஈரம் உடனே சுமை. சூட்டில் 60 சதவீதம் கதிர் என்பதால் அதற்கும் கொஞ்சம் தாமதம் உண்டு.

கம்ப்யூட்டர் விஷயத்தில் பெயர்ப்பலகையை நம்பக் கூடாது. லேப்டாப் அடாப்டரில் 65 வாட் என்று இருக்கும், மானிட்டரில் 40 என்று இருக்கும். கூட்டினால் 105, இருபத்திரண்டு மேஜைக்கு 2.3 கிலோவாட். ஆனால் அடாப்டரின் 65 என்பது அது தரக்கூடிய அதிகபட்சம், பேட்டரி காலியாக இருக்கும்போது எடுப்பது. மின்னஞ்சலும் எக்செலும் ஓடும் லேப்டாப்புக்கும் மானிட்டருக்கும் சேர்த்து ஒரு மேஜைக்கு 55 வாட் என்பது நியாயமான எண். 20 பேருக்கு 1.1 கிலோவாட். பாதிகூட இல்லை. விளக்குகள் எல்.இ.டி., மொத்தம் 1.05 கிலோவாட், காலையிலிருந்து இரவு வரை எரியும். சர்வர் ரேக் 0.8 கிலோவாட், இரவும் பகலும் ஞாயிறும் ஓடும். பேன்ட்ரியில் கெட்டிலும் மைக்ரோவேவும் ஆயிரக்கணக்கான வாட் எடுத்தாலும் ஒரு மணி நேரத்தில் சில நிமிடங்கள்தான், அதனால் மணிச் சராசரியில் 0.2 அல்லது 0.4 கிலோவாட்.

சுவரும் கண்ணாடியும் கடத்தும் வெப்பத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கண்ணாடி வழியாக 1 மணிக்கு 1.5 கிலோவாட், 4 மணிக்கு 1.0. ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு ஏழெட்டு மணி நேரத் தாமதம் உண்டு. மாலை 4 மணி வெயில் அந்தச் சுவரைக் கடந்து உள்ளே வரும்போது ஆபீஸ் பூட்டியிருக்கும். வேலை நேரத்தில் அதன் பங்கு அரை கிலோவாட்டைச் சுற்றித்தான்.

இனி வெளிக்காற்று. சென்னைக்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. ஆஷ்ரே 62.1 தரப்படி ஆபீஸுக்கு ஆளுக்கு நொடிக்கு 2.5 லிட்டர், சதுர மீட்டருக்கு 0.3 லிட்டர். நம் தளத்துக்கு 55-ம் 45-ம் சேர்ந்து நொடிக்கு 100 லிட்டர். அந்தக் காற்றை வெளியிலிருந்து எடுத்து 24 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும், கூடவே அதிலுள்ள ஈரத்தையும் பிழிய வேண்டும்.

மே மாதத்தில் மதியம் 1 மணி. நிலக்காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, 38 டிகிரி. ஆனால் ஓரளவு வறண்ட காற்று, ஒரு கிலோ காற்றில் 16 கிராம் ஈரம். பிறகு கடல்காற்று உள்ளே வருகிறது. 4 மணிக்கு 34 டிகிரிதான், வெளியே நிற்பவருக்கு அப்பாடா என்று இருக்கும். ஆனால் அந்தக் காற்றில் ஈரம் 20 கிராமுக்கு மேல். உள்ளே நமக்கு வேண்டியது 10 கிராம் சொச்சம். கணக்கைப் போட்டால் 1 மணிக்குச் சூட்டுக்கு 1.7, ஈரத்துக்கு 1.8, மொத்தம் 3.5 கிலோவாட். 4 மணிக்குச் சூட்டுக்கு 1.2, ஈரத்துக்கு 3.1, மொத்தம் 4.3 கிலோவாட். வெளியே 4 டிகிரி குறைந்தது, ஏசிக்குச் சுமை கூடியது. தெர்மாமீட்டரை மட்டும் பார்த்து உச்ச மணியைத் தேடுபவர்கள் 1 மணியைப் பிடிப்பார்கள். மென்பொருளில் போடும்போதும் இதைக் கவனிக்க வேண்டும். அதில் வரும் பொதுவான வெப்பநிலைக் கோடு 3 மணியில் உச்சம் தொடும்படி வரையப்பட்டிருக்கும். கடல்காற்று வரும் ஊருக்கு அது அப்படியே பொருந்தாது.

எல்லாவற்றையும் சேர்த்தால் கிலோவாட்டில் இப்படி வருகிறது. உள்வெப்பத்தில் ஆட்களின் ஈரமும் சேர்ந்திருக்கிறது. ஒரு டன் என்பது 3.517 கிலோவாட்.

| மணி | வெயில் | சுவர், கண்ணாடி | உள்வெப்பம் | வெளிக்காற்று | மொத்தம் | டன் |
|---|---|---|---|---|---|---|
| காலை 11 | 1.8 | 1.5 | 5.2 | 3.5 | 12.0 | 3.4 |
| மதியம் 1 | 3.0 | 1.9 | 4.8 | 3.5 | 13.2 | 3.8 |
| மாலை 4 | 7.8 | 1.5 | 5.6 | 4.3 | 19.2 | 5.5 |
| மாலை 5 | 7.6 | 1.5 | 5.6 | 4.2 | 18.9 | 5.4 |
| மாலை 6 | 4.0 | 1.4 | 4.6 | 4.1 | 14.1 | 4.0 |

உச்சம் 4 மணி, 5.5 டன். இதே ஆபீஸுக்கு ஒவ்வொன்றின் உச்சத்தையும் எடுத்து, மணி பார்க்காமல் கூட்டினால் என்ன வரும்? உள்ளே வந்த வெயில் 11.8, கண்ணாடிக் கடத்தல் 1.5, சுவர் 0.9, 22 பேரும் இருக்கிறார்கள் என்று 1.65-ம் ஈரத்துக்கு 1.2-ம், விளக்கு 1.05, கம்ப்யூட்டர் பெயர்ப்பலகைப்படி 2.3, ரேக் பெயர்ப்பலகைப்படி 1.5, பேன்ட்ரி 2, 1 மணிச் சூட்டையும் 4 மணி ஈரத்தையும் ஒன்றாகப் பிடித்து வெளிக்காற்றுக்கு 4.8. கூட்டினால் 28.7. இதற்கு மேல் "சேஃப்டி" என்று 10 சதவீதம். 31.6 கிலோவாட், சரியாக 9 டன். கைக்கணக்கு சொன்ன 11-க்குப் பக்கத்தில் வந்துவிட்டதால் கணக்குப் போட்டவருக்கும் திருப்தி. ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் அந்த வரிகள் எல்லாம் ஒன்றாக உண்மையாகும் மணி என்று ஒன்று எந்த நாளிலும் கிடையாது.

கூடுதலாகப் போட்டால் என்ன, சீக்கிரம் குளிரும்தானே என்று கேட்பார்கள். மேலே அட்டவணையில் காலை 11 மணியைப் பாருங்கள், 3.4 டன். 9 டன் இயந்திரம் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதலாகத்தான் ஓட வேண்டும். பழைய மாதிரி கம்ப்ரஸர் என்றால் சில நிமிடங்கள் ஓடி 24-ஐத் தொட்டு நின்றுவிடும். காற்றிலிருந்து ஈரம் பிழிய, காயில் நன்றாகக் குளிர்ந்து கொஞ்ச நேரம் தொடர்ந்து அப்படியே இருக்க வேண்டும். பாதியில் நின்றால் காயிலில் ஒட்டியிருந்த தண்ணீர், ஓடிக்கொண்டே இருக்கும் ஃபேன் காற்றில் மறுபடி அறைக்குள்ளேயே ஆவியாகிப் போகும். 24 டிகிரி இருக்கும், ஆனால் பிசுபிசுக்கும். காகிதம் தொய்ந்துபோகும். யாரோ ஒருவர் ரிமோட்டை எடுத்து 19-க்கு வைப்பார். இன்வெர்ட்டர் இயந்திரம் இறங்கி ஓடும் என்பதால் இது குறையும். ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு, மிகப் பெரிதாக வாங்கினால் அந்த எல்லைக்குக் கீழே அதுவும் நின்று நின்றுதான் ஓடும்.

ஈரம் உண்மையில் எப்போது சோதிக்கும் என்றால், மே மாதத்தில் அல்ல. நவம்பரில் மேகம் மூடிய நாள், வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். வெயில் இல்லை, சுவரிலும் ஒன்றுமில்லை. அதே ஆபீஸுக்குப் போட்டால் சூட்டுச் சுமை 6.5 கிலோவாட், ஈரச் சுமை 4.1. மொத்தம் 3 டன்தான், ஆனால் அதில் ஐந்தில் இரண்டு பங்கு ஈரம். சாதாரண ஸ்பிளிட் ஏசி தன் குளிர்ச்சியில் கால் பங்கை ஒட்டித்தான் ஈரத்துக்குக் கொடுக்கும். அளவாக வாங்கிய இயந்திரமே திணறும் நாள் இது. அன்றைக்கு உதவுவது ஃபேன் வேகத்தைக் குறைப்பதும் டிரை மோடும், இயன்றால் வெளிக்காற்றைத் தனியாகக் குளிரவைத்து ஈரம் நீக்கி உள்ளே விடுவதும். உச்ச மணிக்கு மட்டும் கணக்குப் போட்டு நிறுத்தினால் இந்த நாள் கண்ணுக்கே படாது. அதனால் மழைக்காலத்துக்கு ஒரு நாளைத் தனியாகப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

சரி, 5.5 டன் என்றால் 5.5 டன் வாங்கலாமா? ஏசியின் மேல் எழுதியிருக்கும் டன் வெளியே 35 டிகிரியில், உள்ளே 27 டிகிரியில் சோதித்தது. நம் அறை 24. அவுட்டோர் யூனிட்டுகளை ஒரு குறுகலான சந்தில் வரிசையாக மாட்டியிருந்தால், ஒன்று விடும் சூட்டை இன்னொன்று இழுத்து, அங்கே 40-ஐத் தாண்டும். ஆகவே எழுதியிருப்பதில் 85, 90 சதவீதம்தான் கிடைக்கும் என்று வைத்து 6.5 டன் வாங்கச் சொல்வேன். இதற்கு மேல் சேஃப்டி என்று எதுவும் சேர்ப்பதில்லை.

ஆர்.டி.எஸ். கணக்கு ஏசி 24 மணி நேரமும் ஓடுவதாக வைத்துக்கொள்கிறது. நம் ஆபீஸ் இரவு 7 மணிக்கு அணைத்துவிடும். ஞாயிறு முழுக்க மூடியிருந்து திங்கள் காலை திறக்கும்போது தரையும் சுவரும் மேஜையும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சூடு கணக்கில் இல்லாத கூடுதல் சுமை, உண்மைதான். ஆனால் அது வரும் நேரத்தைப் பாருங்கள். காலை 10, 11 மணிக்குத் தேவை 3.4 டன், கையில் இருப்பது சுமார் 5.7 டன். இரண்டு டன்னுக்கு மேல் சும்மா இருக்கிறது. திங்கள் காலை 9 மணிக்கே போட்டுவிட்டால் அது இந்தச் சூட்டை இழுத்துவிடும். மேற்கு ஆபீஸில் காலைத் தொல்லையும் மாலை உச்சமும் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதால்தான் இது நடக்கிறது. கண்ணாடி கிழக்கில் இருந்தால் இரண்டும் காலையிலேயே மோதும், அங்கே கூடுதல் தேவைப்படும். தெற்குக் கண்ணாடி என்றால் இன்னும் வேறு. சென்னையில் மே, ஜூன் நடுப்பகலில் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கும், தெற்குக் கண்ணாடியில் நேர் வெயிலே படாது. டிசம்பரில்தான் நன்றாகப் படும். குளிர்காலத்தில் மட்டும் ஏசி போதவில்லை என்று புகார் வரும் ஆபீஸ்களில் முதலில் தெற்குப் பக்கத்தைப் பாருங்கள்.

டன்னைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, வாங்குவதற்கு முன்னால், அட்டவணையில் மிகப் பெரிய எண்ணைப் பார்க்க வேண்டும். 7.8 கிலோவாட் வெயில். ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் நீட்டலாமே என்பார்கள். 60 சென்டிமீட்டர் நீட்டினால் 2 மணிக்கு ஒரு மீட்டர் நிழல் விழும். ஆனால் 4 மணிக்குச் சூரியன் 31 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட நேர் மேற்கில் நிற்கிறது. அப்போது நிழல் 37 சென்டிமீட்டர்தான், 5 மணிக்கு 19. ஒன்றரை மீட்டர் ஜன்னலின் பெரும்பகுதி திறந்தே கிடக்கும். மேற்குக்கு உதவுவது வெளியே தொங்கும் தட்டியோ, லூவரோ, அல்லது கண்ணாடியையே மாற்றுவதோதான். எஸ்.ஹெச்.ஜி.சி. 0.4 உள்ள கண்ணாடியோ ஃபில்மோ போட்டால் வெயில் சுமை 3.9-க்கு இறங்கும், மொத்தம் 4.4 டன் ஆகும். ஒரு டன்னுக்கும் மேல் குறைகிறது. அந்தக் குறைவு ஆண்டு முழுக்க மின்கட்டணத்திலும் தெரியும். ஃபில்ம் ஒட்டும்போது ஒன்று கவனிக்க வேண்டும். வெயிலை எதிரொளிக்காமல் உறிஞ்சும் வகை ஃபில்ம் கண்ணாடியையே சூடாக்கும், ஓரம் சட்டத்துக்குள் குளிர்ந்திருக்க நடு சூடேறினால் கண்ணாடியில் விரிசல் விழலாம். ஃபில்ம் விற்பவரிடம் எஸ்.ஹெச்.ஜி.சி. எண்ணை எழுத்தில் கேளுங்கள். இருட்டாகத் தெரிவது மட்டும் வெப்பத்தைத் தடுக்காது.

இயந்திரங்களை எங்கே மாட்டுவது என்பதையும் இதே அட்டவணை சொல்லிவிடுகிறது. 7.8 கிலோவாட்டும் மேற்கு ஜன்னலிலிருந்து நாலைந்து மீட்டருக்குள் விழுகிறது. தளம் முழுக்கச் சமமாகப் பிரித்து மாட்டினால் 4 மணிக்கு ஜன்னல் பக்கம் வேகும், உள்பக்கம் சால்வை போர்த்திக்கொள்வார்கள். ஆகவே மேற்குப் பகுதிக்குத் தனிக் கணக்கு, தனி தெர்மோஸ்டாட், பாதிக்கு மேற்பட்ட டன். சர்வர் ரேக்குக்குத் தனியாக ஒரு சிறிய ஏசி, ஏனென்றால் அதன் அட்டவணையில் இரவு என்பதே இல்லை.

மாட்டி முடித்த பிறகு கணக்கு சரியா என்று பார்க்க விலை உயர்ந்த கருவிகள் வேண்டாம். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்யும் சின்ன லாகர் ஒன்றை ஜன்னல் பக்கமும் ஒன்றை உள்ளேயும் ஒரு வாரம் வையுங்கள். 4 மணிக்கு ஜன்னல் பக்கம் 25-ஐத் தாண்டாமலும், காலை 11 மணிக்கு ஈரப்பதம் 60-ஐத் தாண்டாமலும் இருந்தால் அளவு சரி. 4 மணியில் சூடு ஏறினால் குறைச்சல், காலையில் ஈரம் ஏறினால் அதிகம். இன்னொன்று, டிரெயின் பைப்புகளின் முனையில் பக்கெட் வைத்து ஒரு மணி நேரத் தண்ணீரை அளக்கலாம். நவம்பர் நாளுக்கு நாம் போட்ட 4.1 கிலோவாட் ஈரச் சுமைக்கு மணிக்கு ஆறு லிட்டர் வர வேண்டும். மூன்று லிட்டர்தான் வருகிறது, அறையும் பிசுபிசுக்கிறது என்றால், கம்ப்ரஸர் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை நிற்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்.